40 ரூபாய்ப் பதிவு, 333 ரூபாய்ப் பார்வையாளர்

இலவச வெபினாருக்கு ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடுபவர்கள் தினமும் பார்ப்பது ஒரே எண்ணைத்தான்: ஒரு பதிவுக்கு எவ்வளவு ஆனது? தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு எக்செல் பயிற்சியாளர் இரண்டு விளம்பரங்களுக்குத் தலா 12,000 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் விளம்பரம் ஃபேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும் படிவம். 300 பேர் பதிந்தார்கள், ஆளுக்கு 40 ரூபாய். இரண்டாவது அவருடைய இணையதளத்துக்குப் போகிறது. 150 பேர், ஆளுக்கு 80 ரூபாய். பலரும் இந்த இடத்தில் இரண்டாவதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அன்று மாலை வெபினாருக்கு முதல் விளம்பரத்திலிருந்து வந்தவர்கள் 36 பேர், இரண்டாவதிலிருந்து 60 பேர். வந்தவருக்கான செலவு முறையே 333 ரூபாய், 200 ரூபாய். மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது.

காரணம் எளிது. அந்தப் படிவத்தில் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் எல்லாம் தானே நிரம்பிவிடும். இரண்டு தட்டில் வேலை முடிகிறது. பதிந்ததே பலருக்கு நினைவிருக்காது. நிரம்பும் மின்னஞ்சலும் என்றோ கணக்குத் தொடங்கியபோது கொடுத்து, இப்போது திறக்காத முகவரியாக இருக்கலாம். இந்தப் படிவம்தான் வேண்டும் என்றால், அனுப்பும் முன் விவரங்களை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் Higher intent வகையைத் தேர்ந்தெடுங்கள். கை வைத்துத் தட்டச்சு செய்ய வேண்டிய ஒரு கேள்வியையும் சேருங்கள். பதிவு குறையும், குறையட்டும்.

சரி, எந்த விளம்பரத்திலிருந்து யார் வந்தார் என்று எப்படித் தெரியும்? எல்லோருக்கும் ஒரே ஜூம் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தெரியவே தெரியாது. ஜூமின் வருகை அறிக்கையில் "Redmi", "Amma" என்றெல்லாம்தான் பெயர்கள் இருக்கும். ஜூமில் Registration வசதியை இயக்கினால் ஆளுக்கொரு தனி இணைப்பு போகும். அப்போது வந்தவரின் மின்னஞ்சலைப் பதிவுப் பட்டியலோடு பொருத்திப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் விளம்பரத்தின் பெயருக்கு ஒரு பத்தி இருக்க வேண்டும், அவ்வளவுதான். விளம்பரமே இல்லாமல் நண்பர்கள் வழியாக வந்தவர்களும் அந்தப் பத்தியால் பிரிந்துவிடுவார்கள். அவர்களையும் சேர்த்து வகுத்தால் செலவு பொய்யாகக் குறைந்து தெரியும்.

அப்புறம், யார் 'வந்தவர்'? இணைப்பு அறுந்து மூன்று முறை உள்ளே வந்தவர் அறிக்கையில் மூன்று வரிகளாக இருக்கலாம். முதலில் மின்னஞ்சல்வாரியாக நிமிடங்களைக் கூட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் வெளியேறியவரையும் கட்டணப் பயிற்சியைப் பற்றிச் சொல்லும்வரை இருந்தவரையும் ஒன்றாக எண்ணுவதில் பொருளில்லை. 30 நிமிடம் என்று எல்லை வைத்தால் மேலே சொன்ன 60 பேர் 40 ஆகலாம். செலவு 300 ரூபாய். அந்த எல்லையை வெபினாருக்கு முன்பே எழுதி வையுங்கள். முடிந்த பிறகு வைத்தால் நமக்குப் பிடித்த விடைதான் வரும்.

இந்தியாவில் விளம்பரக் கட்டணத்தோடு 18% ஜிஎஸ்டியும் சேரும். அதைத் திரும்பப் பெற முடியாதவருக்கு அந்த 12,000 உண்மையில் 14,160. 300 ரூபாய்ப் பார்வையாளர் 354 ரூபாய் ஆகிவிடுகிறார்.