வடை மாவு இளகினால் அரிசி மாவைக் கொட்டாதீர்கள்

நோன்பு மாதம் வந்துவிட்டால் கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் தெருவுக்குத் தெரு புது வடைச்சட்டி ஏறிவிடும். அஸர் தொழுகை முடிந்ததில் இருந்து மக்ரிப் பாங்கு வரைக்கும்தான் வியாபாரம். கஞ்சியோடு கடித்துக்கொள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வடை வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குச் சட்டி போடும் தம்பிகள் மாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் தொழில் பழகியபோது செய்த அதே தப்புகள்தான். உளுந்தைக் கழுவுவது, கையை நனைத்துக்கொண்டு தட்டுவது எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

## ராத்திரி முழுக்க ஊறப்போடுவது

வேண்டாம். ஒன்றரை மணி நேரம் போதும், மிஞ்சினால் 2 மணி நேரம். பிறகு தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டு ஆட்டுங்கள்.

## இளகிய மாவில் அரிசி மாவு

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும் இடம். இளகிய மாவு கையில் நிற்காது, ஓட்டை போட வராது. உடனே ஒரு கை அரிசி மாவு, அப்புறம் இன்னொரு கை, கடைசியில் கொஞ்சம் மைதா. மாவு கெட்டியாகிவிடும், வட்டமாகத் தட்டவும் வரும், சட்டியில் இருந்து எடுத்ததும் மொறுமொறுவென்றுதான் இருக்கும். பாங்கு சொல்லும் நேரத்தில் வாயில் வைத்தால் பல்லுக்கு வேலை. அடுத்த நாள் அந்தக் கடைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

காரணம் சொல்கிறேன். உளுந்தில் ஒரு கொழகொழப்பு இருக்கிறது. அதுவும் உளுந்தின் புரதமும் சேர்ந்து, ஆட்ட ஆட்டக் காற்றைப் பிடித்து மாவுக்குள் வைத்துக்கொள்ளும். எண்ணெயில் போட்டதும் அந்தக் காற்று விரியும், மாவில் இருக்கும் ஈரம் ஆவியாகித் தள்ளும், உள்ளே பஞ்சாகும். தண்ணீர் கூடிவிட்டால் மாவு காற்றைப் பிடித்துவைக்காது, குமிழி மேலே வந்து உடைந்துவிடும். அரிசி மாவு கூடுதல் தண்ணீரைக் குடித்துக்கொள்ளுமே தவிர, போன காற்றைத் திரும்பக் கொண்டுவராது. கெட்டியாகத் தெரிகிற மாவும் காற்று ஏறிய மாவும் வேறு வேறு. மொறுமொறுப்புக்காக 1 கிலோ உளுந்துக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்க்கலாம், 100 கிராம்தான் எல்லை. அதுவும் பதமாக வந்த மாவில்தான்.

போன நோன்பில் ஒரு தம்பி வாளியோடு வந்தான். மாவு கரண்டியில் இருந்து வழிந்தது.

“தண்ணி எவ்வளவுடா ஊத்துன?”

“600 மில்லி இருக்கும்ணே. கல்லு சுத்தலேன்னு மொத்தமா ஊத்திட்டேன்.”

“அரிசி மாவு போட்டியா?”

“இன்னும் போடலண்ணே.”

பிழைத்தான். வடைக்கு 1 கிலோ உளுந்தை ஆட்ட 300 மில்லி தண்ணீர் போதும். உளுந்தின் வாகைப் பொறுத்து 50 மில்லி கூடும், குறையும். அவன் ஊற்றியது இரண்டு மடங்கு. இன்னும் 1 கிலோ உளுந்தை ஊறப்போட்டு நன்றாக வடித்துக் கல்லில் போடச் சொன்னேன். தண்ணீருக்குப் பதிலாக அந்த இளகிய மாவையே கரண்டி கரண்டியாக விட்டு ஆட்டினோம், ஒரு சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. 2 கிலோ உளுந்துக்கு அதே 600 மில்லி, கணக்கு நேராகிவிட்டது. பழைய மாவும் கல்லில் மறுபடி சுற்றியதால் காற்றும் ஏறியது. இரண்டு மணி நேரம் போனது உண்மை. ஆனால் மாவு கெடவில்லை. நேரமே இல்லையென்றால் இளகிய மாவை நாளைய இட்லிக்கு எடுத்து வையுங்கள், அன்றைக்கு வடை போடாதீர்கள்.

முதலிலேயே சரியாக ஆட்ட வேண்டுமென்றால் தண்ணீரைக் கையால்தான் தெளிக்க வேண்டும், சொம்பைச் சாய்க்கக் கூடாது. கல் திணறும்போது ஒரு கை, பக்கவாட்டில் ஒதுங்கிய மாவை வழித்துவிட்டு மறுபடி ஒரு கை. நம் ஊர் வெயிலில் கல்லும் மாவும் சீக்கிரம் சூடேறும், சூடேறிய மாவு சீக்கிரம் புளித்து இளகும். அதனால் பானைத் தண்ணீரோ ஐஸ் தண்ணீரோ தெளியுங்கள். 25 நிமிடத்துக்குப் பக்கம் சுற்றினால் மாவு வெளுத்து உப்பி வரும். ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத் தண்ணீரில் போடுங்கள், மிதக்க வேண்டும். மூழ்கினால் காற்று போதவில்லை, இன்னும் ஆட்டுங்கள். மிதக்கிறது, ஆனால் ஓரம் கரைந்து தண்ணீர் வெளுக்கிறது என்றால் தண்ணீர் கூடிவிட்டது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த மாவில் மொத்தமாக உப்பும் வெங்காயமும் கலந்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. உப்பு வெங்காயத்தில் இருந்து நீரை இழுத்துவிடும், அரை மணியில் மாவு தளர்ந்துவிடும். இரண்டு மூன்று ஈட்டுக்கு வேண்டிய மாவை மட்டும் தனியாக எடுத்து, அதில் உப்பும் வெங்காயமும் போட்டு உடனே தட்டுங்கள்.

## எண்ணெய் காய்ந்ததா என்று புகையைப் பார்ப்பது

புகை வந்தால் அது தாண்டிப் போய்விட்டது. வடைக்கு 170 முதல் 180 டிகிரி வரை வேண்டும். கடையில் தெர்மாமீட்டர் யார் வைத்திருக்கிறார்கள்? ஒரு பொட்டு மாவைப் போடுங்கள். அடியில் போய் இரண்டு மூன்று நொடியில் எழும்பி வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவில்லை, அந்தச் சூட்டில் மேல்தோல் இறுகுவதற்குள் வடை எண்ணெய் குடித்துவிடும். விழுந்ததும் சிவந்தால் அதிகம், வெளியே கருகி நடுவில் பச்சை மாவு நிற்கும்.

கூட்டத்தைப் பார்த்துப் பதறி ஒரு ஈட்டில் சட்டி நிறையத் தட்டினால் காய்ந்த எண்ணெயும் ஆறிவிடும். மேற்பரப்பில் பாதி காலியாக இருக்கட்டும். போட்ட உடனே தீயைக் கூட்டி, நுரை சீரானதும் நடுத்தீக்குக் கொண்டுவாருங்கள். சலசலப்பு அடங்கி நுரை குறையும்போது ஈரம் போய்விட்டது, எடுத்துவிடலாம்.

பாம்பன், மண்டபம் கரையில் சட்டி போடுகிறவர்களுக்கு ஒன்று கூடுதலாக. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தீ ஒரு பக்கமே சாயும். எண்ணெய் ஒரு ஓரம் கொதிக்கும், மறு ஓரம் வெதுவெதுவென்று கிடக்கும். வடை ஒரு பக்கம் கருத்தும் ஒரு பக்கம் வெளுத்தும் வந்தால் மாவைத் திட்டாதீர்கள், அடுப்பைச் சுற்றித் தகரம் கட்டுங்கள். மாவைச் சோதிக்கும்போதும் சட்டியின் இரண்டு ஓரத்திலும் போட்டுப் பாருங்கள்.

## உளுந்து போண்டாவை வடைத் தீயில் போடுவது

வடைக்கு நடுவில் ஓட்டை உண்டு, சூடு இரண்டு பக்கமும் போகும். போண்டா உருண்டை, நடுவுக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். அதனால் 160 டிகிரிப் பக்கம் வைத்து, திருப்பித் திருப்பி நிதானமாக வேகவிடுங்கள். எலுமிச்சை அளவுக்கு மேல் கிள்ளிப் போடாதீர்கள். முதல் ஈட்டில் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். நடுவில் பிசுபிசுத்தால் தீ அதிகம், மாவில் குறை இல்லை.

## உருளை போண்டா

இதற்கு நேர்மாறு. உள்ளே மசாலா வெந்ததுதான், மேல் மாவு மட்டும் வேக வேண்டும். எண்ணெய் 180 டிகிரியில் இருக்கட்டும். கடலை மாவு விரலில் ஒட்டி நிற்க வேண்டும். சொட்டினால் போண்டா வெடித்து மசாலா எண்ணெயில் இறங்கும்.

## சோடா உப்பு

எண்ணெய் குடிக்கும். போடாதீர்கள்.

## சூட்டோடு மூடி வைப்பது

மூடினால் ஆவி மேல்தோலில் இறங்கி நமத்துவிடும். கம்பித்தட்டில் பரப்பி வையுங்கள், பார்சலுக்குத் தாளில் மடியுங்கள், பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள்.