‘சுவையான’ என்ற சொல் இல்லாமல் வத்தக்குழம்பை எழுதுவது எப்படி?

சமையல் குறிப்பை “சுவையான வத்தக்குழம்பு ரெடி” என்று முடித்தால், அது புளிக்குமா, உறைக்குமா, கசக்குமா என்று படிப்பவருக்குத் தெரியாது. பாயசத்துக்கும் அதே சொல்லைத்தானே போடுகிறோம்!

முதலில், குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். கரண்டியிலிருந்து கையில் விட்டு நக்கினால் உப்பும் புளியும் தூக்கலாகத்தான் தெரியும். அதை வைத்து எழுதக் கூடாது. நாக்கில் முதலில் பட்டது எது, அப்புறம் வந்தது எது, விழுங்கிய பின் நின்றது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கே முதலில் புளிப்பு, அடுத்து காரம், கடைசியில் லேசான கசப்பு.

இரண்டாவது, ஒவ்வொன்றும் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டதால் வந்தது அந்தப் புளிப்பு. கசப்பு, நல்லெண்ணெயில் வறுத்த சுண்டைக்காய் வற்றலுடையது. வெந்தயம் கருகியிருந்தாலும் கசக்கும், ஆனால் அந்தக் கசப்பு முதல் வாயிலேயே முந்திக்கொண்டு வரும். அப்படி வந்தால் மாற்ற வேண்டியது தாளிப்பை, வாக்கியத்தை அல்ல.

இப்போது எழுதலாம்: “சுண்டக் கொதித்த புளியின் புளிப்பு முதலில், வறுத்த சுண்டைக்காயின் இளங்கசப்பு கடைசியில். இறக்கும்போது போட்ட சிறு துண்டு வெல்லம் தனியாக இனிக்காது; புளிப்பைக் கொஞ்சம் தணிக்கும்.” வெல்லம் பிடிக்காதவருக்கும், அதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று இதிலேயே புரிந்துவிடும்.

மற்ற பதார்த்தங்களுக்கும் இதே வழிதான். எலுமிச்சை சாதத்தில் புளிப்பு சுள்ளென்று இருக்கும், அதோடு மணமும் சேர்ந்து வரும். அடுப்பை அணைத்தபின் சாறு பிழிந்தால்தான் அந்த மணம் நிற்கும் என்பதையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள். மிளகு ரசத்தின் காரம் தொண்டையில் தெரியும். பச்சை மிளகாய்ச் சட்னி நாக்கிலேயே சுரீரென்று பிடிக்கும். இரண்டையும் ‘காரசாரமான’ என்று எழுதுவது சோம்பேறித்தனம் என்பேன்.

முந்திரியும் தேங்காயும் அரைத்துவிட்ட குருமாவை ‘ரிச்’ என்று எழுதுகிறோம். “வழுவழுவென்று இருக்கும், கொஞ்சம் அதிகமானால் திகட்டும்” என்று எழுதினால் எவ்வளவு பரிமாறலாம் என்பதும் தெரியும். திகட்டும் என்பதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

காளான், தக்காளி, கருவாடு ஆகியவற்றில் உப்பையும் காரத்தையும் தாண்டி ஒரு ருசி நாக்கில் நிற்கும். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா அதற்கு வைத்த பெயர் உமாமி. அந்தப் பெயர் எல்லோருக்கும் பழக்கமில்லை, அதனால் “கருவாட்டின் ருசி குழம்பில் இறங்கியிருக்கும்” என்றே எழுதலாம்.

கடைசியாக, தலைப்பை மறைத்துவிட்டு, எழுதியதை வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டி என்ன பதார்த்தம் என்று கேளுங்கள். “புளிக்குழம்பா?” என்றால் கிட்டத்தட்ட சரி, சுண்டைக்காயை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். “எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாமே” என்றால் மறுபடி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.