ஹோட்டலில் புகார் வந்தால் சப்ளையர் எவ்வளவு வரை விட்டுக்கொடுக்கலாம்? வரம்பு வைக்கும் முறை

தோசையில் முடி கிடந்தால் வேறு தோசை கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு சப்ளையர் கேப்டனைத் தேட, கேப்டன் மேனேஜரைத் தேட, மேனேஜர் பார்சல் கவுன்டரில் நிற்க, பத்து நிமிடம் போய்விடும். முடியைப் பார்த்து வந்த கோபத்தை விட அந்தப் பத்து நிமிடத்தில் ஏறும் கோபம்தான் அதிகம். யார், எதை, எவ்வளவு வரை யாரையும் கேட்காமல் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் இது தீரும். சப்ளையர், கேப்டன், கேஷியர், மேனேஜர் உள்ள நடுத்தரச் சைவ ஹோட்டலை வைத்து இங்கே பார்ப்போம்.

முதல் படி: பழைய புகார்களை எடுங்கள்

ரிட்ஸ் கார்ல்டன் விடுதிகளில் ஊழியர் ஒருவர் ஒரு விருந்தினருக்காக 2,000 டாலர் வரை செலவழிக்கலாம் என்பது மேலாண்மை வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் உதாரணம். அங்கே வருபவர் திரும்பத் திரும்ப வந்து செலவழிக்கும் தொகை வேறு. அந்த எண் நமக்கு உதவாது. நம் வரம்பு நம் புகார்களிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு புகாரையும் சிறு சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள்: என்ன புகார், என்ன கொடுத்து முடித்தோம், மெனு விலையில் அது எவ்வளவு. மூன்றே வரி போதும். 40 சீட்டு சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். தொகையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 32-வது சீட்டைப் பாருங்கள். அதில் 235 ரூபாய் என்றிருந்தால், பத்தில் எட்டுப் புகார் அந்தத் தொகைக்குள் முடிந்திருக்கிறது. அதை 250 ஆக்கினால் அதுவே கேப்டனின் வரம்பு. சராசரியை எடுக்க வேண்டாம். யாரோ ஒருவருக்கு 3,000 ரூபாய்ப் பில்லை முழுதாகத் தள்ளிய ஒரே சீட்டு சராசரியைத் தூக்கிவிடும்.

இரண்டாம் படி: சப்ளையருக்குப் பொருள், கேப்டனுக்குத் தொகை

சப்ளையருக்கு ரூபாய்க் கணக்கே வேண்டாம். "புகார் வந்த ஐட்டத்தை அதே ஐட்டமாக உடனே மாற்றிக் கொடுக்கலாம்" என்பது மட்டுமே அவருடைய அதிகாரம். 100 ரூபாய் என்று எண் வைத்தால், 180 ரூபாய் பனீர் மசாலா ஆறிப்போய் வந்த அன்று அவர் மறுபடியும் கேப்டனைத் தேடி ஓடுவார்.

செலவிலும் இது நமக்கு லாபம். சரக்குச் செலவு விலையில் 35 சதவீதம் என்றால், 120 ரூபாய் ஆனியன் ரவா ரோஸ்ட்டை மாற்றிக் கொடுக்கக் கூடுதலாக 42 ரூபாய்தான் ஆகும். அதையே பில்லில் கழித்தால் 120 ரூபாயும் போச்சு. எனவே முதலில் மாற்று, வேண்டாம் என்றால் கழிவு. பணமாகத் திருப்புவது கடைசியில்தான்.

கேப்டன் 250 ரூபாய் வரை ஐட்டத்தைப் பில்லிலிருந்து எடுக்கலாம், அல்லது காபி, இனிப்பு இலவசமாகக் கொடுக்கலாம், இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். எல்லாவற்றையும் மெனு விலையிலேயே கணக்கிடட்டும். அடக்க விலையைப் போட்டுக் கணக்குப் பார்க்க அவருக்கு நேரமில்லை. மேனேஜருக்கு ஒரு பில் முழுவதும், 1,500 ரூபாய்க்கு மிகாமல். அதற்கு மேல் முதலாளிக்கு ஃபோன்.

வரம்பு ஒரு மேசைக்கு, ஒரு வருகைக்கு. இதை எழுதாமல் விட்டால் ஒரே மேசைக்கு 250, 250 என்று இரண்டு முறை பிரித்துப் போடுவார்கள்.

மூன்றாம் படி: வரம்புக்குள் வராதவை

கண்ணாடித் துண்டு, பல்லி, சாப்பிட்டபின் வாந்தி, சூடான சாம்பார் கொட்டிக் காயம், போலீஸ் அல்லது நுகர்வோர் கோர்ட் என்ற பேச்சு: இவற்றுக்கு 10 ரூபாய் கூட யாரும் தாமாகத் தரக்கூடாது. முதலுதவி, உடனே மேனேஜர். தட்டை எடுத்துக் கழுவப் போடக்கூடாது, அப்படியே தனியாக வைக்க வேண்டும். இந்த இடத்தில் இலவச காபி கொடுத்தால் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

ஸ்விக்கி, ஸொமேட்டோ ஆர்டர்களையும் தனியாக வையுங்கள். பார்சலில் வடை இல்லை என்று ஆள் நேரில் வந்தால் வடையைக் கொடுக்கலாம், காசு கொடுக்கக்கூடாது. செயலியிலும் அவர் புகார் போட்டிருந்தால் அதே வடைக்கு இரண்டு முறை பணம் போகும்.

ஒரு மேசையில் இது எப்படி நடக்கும்

நான்கு பேர், 860 ரூபாய்க்குச் சாப்பிட்டிருக்கிறார்கள். 5 சதவீத ஜிஎஸ்டி 43 சேர்த்தால் 903. ஆனியன் ரவா ரோஸ்ட்டில் முடி. சப்ளையர் மன்னிப்புக் கேட்டு, வேறு போடச் சொல்லட்டுமா என்கிறார். வேண்டாம் என்கிறார்கள். கேப்டன் வந்து ரோஸ்ட்டை எடுக்கிறார்: 740, ஜிஎஸ்டி 37, மொத்தம் 777. பெரியவர்கள் இருவருக்கும் 40 ரூபாய் காபி தருகிறார். 120-உம் 80-உம் சேர்த்து 200, வரம்புக்குள்தான்.

"மொத்தப் பில்லையும் கேன்சல் பண்ணுங்க" என்றால் கேப்டன் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அந்த ரோஸ்ட்டுக்குப் பில் போடலை சார். மொத்தப் பில்லுக்கு மேனேஜர்தான் முடிவு சொல்லணும், இதோ வர்றார்." "எனக்கு 250 வரைக்கும்தான் பவர்" என்று ஒருபோதும் வாயில் வரக்கூடாது. எண் வெளியே தெரிந்தால் பேரம் அங்கிருந்துதான் தொடங்கும். மேனேஜரும் மூன்று நிமிடத்துக்குள் வர வேண்டும்.

நான்காம் படி: பில்லிங்கில் பூட்டுங்கள்

காகிதத்தில் மட்டும் இருக்கும் வரம்பு ஒரு வாரம்தான் தாங்கும். பில்லிங் சாஃப்ட்வேரில் கேப்டனுக்கு 250, மேனேஜருக்கு 1,500 என்று போட்டு, ஆளுக்கொரு பின் நம்பர் கொடுங்கள். காரணத்தைத் தேர்ந்தெடுக்காமல் கழிவு விழாதபடி வையுங்கள். முடி அல்லது பூச்சி, ஆறியது, தாமதம், தவறான ஐட்டம் என நான்கு காரணம் போதும். 'மற்றவை' என்று ஒன்றைச் சேர்த்தால் எல்லாமே அதில்தான் விழும்.

பில் அடிக்கும் முன்பே ஐட்டத்தை எடுத்தால் வேலை சுலபம். வரி பில் கொடுத்தபின் தொகை குறைந்தால் கிரெடிட் நோட் போட வேண்டும். அதைச் செய்யாமல் கல்லாவிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தால், இரவுக் கணக்கில் துண்டு விழும், திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் நீங்கள் வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எங்கே கோளாறு வரும்

ஒரு வகை, திருட்டு. வாடிக்கையாளர் முழுத் தொகையைக் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போனபின், பில்லில் 'ஆறியது' என்று கழித்து வித்தியாசத்தைப் பையில் போடுவது. யூபிஐ, கார்டு பில்களில் கழிவே இல்லாமல் ரொக்கப் பில்களில் மட்டும் இருந்தால், 240, 245 என்று வரம்புக்குக் கீழேயே வரிசையாக வந்தால், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் குவிந்தால் உற்றுப் பாருங்கள். கழிவு நேரத்தை சிசிடிவியோடு ஒப்பிட்டால், அந்த மேசையில் அப்போது ஆள் இருந்தாரா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வகை, அதிகாரம் கொடுத்தும் யாரும் பயன்படுத்தாதது. இதுதான் அதிகம், கண்ணிலும் படாது. பெரும்பாலும் காரணம், கழித்த தொகையைச் சம்பளத்தில் பிடிப்பது, அல்லது மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் "ஏன் கொடுத்தே?" என்று கேட்பது. வரம்புக்குள் கொடுத்ததற்குப் பிடித்தம் கிடையாது என்று முதலாளியே சொல்ல வேண்டும். கேள்வி சமையற்கட்டுக்குப் போகட்டும்: அந்த ரோஸ்ட் ஏன் ஆறியது?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை ரூபாய்தான் என்ற உச்சவரம்பும் வேண்டாம். கிரைண்டர் பழுதான அன்று ஏழு மேசை புகார் சொன்னால், ஏழாவது மேசைக்கு ஒன்றும் கிடைக்காது. அதற்குப் பதிலாக, ஒரு ஷிஃப்டில் 1,000 ரூபாயைத் தாண்டினால் மேனேஜருக்குத் தகவல் போகட்டும், கழிவு மட்டும் நிற்க வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து மேனேஜரிடம் போன புகார்களை எண்ணுங்கள். பத்தில் மூன்றுக்கு மேல் போயிருந்தால் 250 குறைவு, 300 ஆக்கிப் பாருங்கள். மெனு விலையை ஏற்றும்போதும் இதை மறுபடி பாருங்கள், விலை ஏறிய பிறகும் பழைய வரம்பே சாஃப்ட்வேரில் கிடக்கும்.