அன்னாசி போட்டால் பால் புட்டிங் ஏன் இறுகுவதில்லை?

புட்டிங்கை இறுக வைக்கும் ஜெலட்டின் ஒரு புரதம். பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் உள்ள நொதிகள் புரதத்தை அறுத்துவிடும். அதனால் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தாலும் புட்டிங் பாலாகவே நிற்கும். இன்னும் ஜெலட்டின் சேர்த்தும் பயனில்லை. டின் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது என்பதால் பிரச்சினை வராது. பச்சைப் பழமென்றால் துண்டுகளைச் சர்க்கரையோடு சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியபின் சேருங்கள்.

அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருவது, புரதமில்லை. இந்த நொதிகள் அதைத் தொடாது, சைவர்களுக்கும் ஏற்றது. சிங்கப்பூர் வெக்கையில் ஜெலட்டின் மேசையிலேயே தளர்ந்துவிடும், அகர் அகர் நிற்கும். ஆனால் ஜெலட்டினின் வாயில் கரையும் மென்மை இதில் வராது.

அரை லிட்டர் புட்டிங்குக்கு ஒரு தேக்கரண்டி அகர் அகர் தூள் போதும். கால் பங்கு தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, சூடான பாலை ஊற்றுங்கள். குளிர்ந்த பால் பட்டால் உடனே திரிதிரியாக உறைந்துவிடும்.

அப்புறம், அகர் அகர் என்றாலும் பச்சை அன்னாசியைப் பாலில் கலக்காதீர்கள். பால் புரதம் உடைந்து கசக்கும். பரிமாறும்போது மேலே வையுங்கள்.