சின்னப் பிள்ளைக்கு இருமல் மருந்து: பாட்டிலைத் திறக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாளையங்கோட்டையில் நான் நிற்கும் மருந்துக் கடையில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரே மாதிரிக் கேள்விதான் வரும். "அண்ணே, பிள்ள ராத்திரி பூரா இருமுது, கண்ணே மூடல. நல்லா தூங்குத மாதிரி ஒரு சிரப் குடுங்க." கேட்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் "தூங்குத மாதிரி" என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வயது

பிள்ளைக்கு 2 வயது முடியவில்லை என்றால் இருமல், சளி சிரப் எதுவும் வேண்டாம். 5 வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. 5 வயதுக்கு மேலும் டாக்டர் பார்த்து, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குத்தான். மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையும் இதைத்தான் சொல்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்து, மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த நேரம் அது. ஆனால் கலப்படம் இல்லாத நல்ல சிரப்புக்கும் இந்த வயது வரம்பு பொருந்தும். சாதாரணச் சளி வைரஸால் வருவது. இந்த சிரப்புகள் அதைச் சீக்கிரம் குணமாக்குவதில்லை. பலன் இல்லாத இடத்தில் பக்கவிளைவை மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

அடுத்து, லேபிளில் இரண்டு இடம்

பாட்டிலின் முன்பக்கப் பெயரை விடுங்கள். உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீடு. அண்ணனுக்கு ஏழு வயது. போன மாதம் டாக்டர் அவனுக்கு எழுதிய சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து. தங்கச்சிக்கு இரண்டு வயது நாலு மாதம், எடை 11 கிலோ. ராத்திரி அவள் இருமுகிறாள். ஆச்சி சொல்கிறாள்: "பெரியவனுக்கு அஞ்சு மில்லின்னா இவளுக்கு ரெண்டரை குடு ஏட்டி, ஒண்ணும் செய்யாது." பாதி ஆள், பாதி மருந்து என்ற கணக்கே முதல் தப்பு. அந்த வயதுக்கு அந்த மருந்தே கூடாது என்றால் அதில் பாதியும் கூடாது.

இரண்டாவது தப்பு இன்னும் பெரிது. அலமாரியில் இருப்பது சிரப் இல்லை, டிராப்ஸ் என்று வையுங்கள். சளிக்கு விற்கும் டிராப்ஸில் ஒரு வகை, 1 மில்லியிலேயே 2 மில்லிகிராம் குளோர்பெனிரமினும் மூக்கடைப்புக்கான பினைல்எப்ரின் 5 மில்லிகிராமும் உள்ளது. சிரப்பைவிட ஐந்து மடங்கு கெட்டி. ஆச்சி சொன்ன ரெண்டரை மில்லியை இதிலிருந்து எடுத்தால் 5 மில்லிகிராம் ஆகிவிடும். பெரியவர்கள் போடும் மாத்திரையே 4 மில்லிகிராம்தான். பாட்டில் சின்னது, சொட்டு மருந்து, அதனால் லேசானது என்று நினைப்பது இயல்பு, உண்மை தலைகீழ். இந்த இரண்டும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. வீட்டில் கிடக்கும் பழைய பாட்டிலில் அந்த வரி இல்லாமலும் இருக்கலாம்.

லேபிளில் பாராசிட்டமால் இருக்கிறதா என்றும் பாருங்கள். சளி சிரப் பலவற்றில் அது சேர்ந்தே இருக்கும். காய்ச்சலுக்குத் தனி பாராசிட்டமால் சிரப்பும் கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போகும். அளவு மீறினால் ஈரல் பாதிக்கும்.

தூங்க வைப்பது ஏன் ஆபத்து

குளோர்பெனிரமின், புரோமெத்தசின் போன்றவை ஒவ்வாமைக்கான பழைய மருந்துகள். மூளைக்குள் போய் மயக்கத்தைத் தருவது அவற்றின் பக்கவிளைவு. வீட்டில் நமக்குத் தெரிவது "மருந்து கேட்டது, பிள்ளை தூங்கிவிட்டாள்" என்பதுதான். நெஞ்சுக்குள் சளி அப்படியே இருக்கிறது.

பிள்ளையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகல். கொஞ்சம் சளி அடைத்தாலும் காற்று பாதியாகும். அதை மேலே தள்ளுகிற வேலையை இருமல்தான் செய்கிறது. இந்த மருந்துகள் சளியை வறட்டிக் கெட்டியாக்கும். மயக்கத்தில் பிள்ளை இருமவும் மாட்டாள். அளவு கூடினால் மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதியே மந்தமாகும். புரோமெத்தசினால் இப்படிச் சிறு பிள்ளைகள் மூச்சு நின்று இறந்ததால், 2 வயதுக்குள் தரவே கூடாது என்று அமெரிக்காவில் 2004-இல் எச்சரிக்கை போட்டார்கள். கோடீன் கலந்த சிரப் அதைவிட மோசம். சில பிள்ளைகளின் ஈரல் அதை, மூச்சை மந்தமாக்கும் மார்பினாக வேகமாக மாற்றிவிடும். எந்தப் பிள்ளைக்கு அப்படி என்று முன்கூட்டித் தெரியாது.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. நிமோனியா முற்றும்போது பிள்ளை துவண்டு கிடக்கும், பால் குடிக்காது. மயக்க மருந்து கொடுத்திருந்தால் அந்தத் துவளலை "நல்ல தூக்கம்" என்று நினைத்து விடியும் வரை விட்டுவிடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரம் அங்கேதான் தொலைகிறது.

சில பிள்ளைகளுக்கு எதிர்மாறாக, தூக்கமே வராமல் படபடப்பும் அழுகையும் வரும். மருந்து போதவில்லை என்று இன்னொரு மூடி கொடுத்துவிடாதீர்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தால், அளப்பது எப்படி

சமையல் ஸ்பூனும் பாலாடையும் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு பிடிக்கும். பாட்டில் மூடியிலும் கோடுகள் தடித்து இருப்பதால் 2.5 மில்லியைச் சரியாகப் பார்ப்பது கஷ்டம். 5 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி, ஊசியையும் அதன் மூடியையும் கழற்றி எறிந்துவிடுங்கள். மூடி பிள்ளையின் தொண்டையில் சிக்கும்.

பாட்டிலைக் குலுக்கி, கொஞ்சம் மருந்தைச் சுத்தமான டம்ளரில் ஊற்றி, சிரிஞ்சில் உறிஞ்சுங்கள். நுனியை மேலே பிடித்துத் தட்டினால் காற்றுக் குமிழி ஏறும், அதைத் தள்ளிவிடுங்கள். சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கறுப்பு ரப்பரின் நுனிப் பக்க விளிம்பு கோட்டில் நிற்கிறதா பாருங்கள். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். படுக்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போகலாம். கொடுத்த நேரத்தைக் காலண்டரில் எழுதுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் ஆச்சி மறுபடி கொடுப்பது பல வீட்டில் நடக்கிறது. வாந்தி எடுத்தால் டாக்டரைக் கேட்காமல் திரும்பக் கொடுக்காதீர்கள்.

மருந்து இல்லாமல் அந்த ராத்திரி

மூக்கு அடைத்திருந்தால் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா உண்டாக்கும். 1 வயது முடிந்த பிள்ளைக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூன், அதாவது 2.5 மில்லி தேன் தரலாம். 1 வயதுக்குள் தேன் கூடவே கூடாது. வெதுவெதுப்பான நீரோ கஞ்சியோ அடிக்கடி கொடுங்கள். ஆவி பிடிப்பதில் வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொள்ளும் பயம் உண்டு, வேண்டாம்.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது வயிறும் நெஞ்சும் எழும்பி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 1 முதல் 5 வயதில் 40 அல்லது அதற்கு மேல் என்றாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தாலோ, உதடு நீலித்தாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ உடனே கிளம்புங்கள். 2 முதல் 12 மாதப் பிள்ளைக்கு அந்த எண் 50.

ஏற்கெனவே சிரப் கொடுத்துவிட்டு, பிள்ளை எழுப்பினால் எழவில்லை என்றால், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.