கையில் இரண்டு ஆஃபர் வைத்திருப்பவரை அழுத்தாமல், அள்ளிக் கொடுக்காமல் சேர்ப்பது எப்படி?

புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தர மருந்துத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களைப் போன்ற இடங்களுக்கு ஆள் தேடுவது பெரிய சிரமமில்லை. தேர்ந்தெடுத்தவர் கடைசி வாரத்தில் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போய்விடுவதுதான் சிரமம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவருக்கு, "நாளை மாலைக்குள் பதில் வேண்டும்" என்று கெடு வைத்தேன். உடனே சம்மதித்தார். சேர வேண்டிய திங்கட்கிழமை காலை அவர் பெயர் எழுதிய அடையாள அட்டை வரவேற்பு மேசையில் இருந்தது, அவர் வரவில்லை. ஒரு நாள் கெடுவில் கிடைத்த சம்மதம், தப்பிப்பதற்காகச் சொன்ன சம்மதம் என்பது அன்று புரிந்தது. அதற்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். சென்ற வருடம் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு ஒரு வேதியியலாளரைச் சேர்த்த கதையை வைத்தே அதை விளக்குகிறேன்.

அவருக்கு ஆறு வருட அனுபவம், எச்.பி.எல்.சி. கருவியில் நல்ல கை. சொந்த ஊர் எங்களுக்குப் பக்கத்திலுள்ள வில்லியனூர், வேலை செங்கல்பட்டுப் பக்கம், சம்பளம் வருடத்துக்கு 6.90 லட்சம். ஹைதராபாத்தில் ஒரு நிறுவனம் 9.60 லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தது.

படி 1: உச்ச வரம்பை நேர்முகத் தேர்வுக்கு முன்பே எழுதி வைக்கவும்

ஆளைப் பிடித்துப்போன பிறகு வரம்பு போட்டால் அது வரம்பாக இருக்காது. இந்த வேலைக்கு 7.80 முதல் 8.60 லட்சம் வரை என்று ஆய்வகத் தலைவரும் நானும் முதலிலேயே கையெழுத்திட்டு வைத்தோம். அதே ஆய்வகத்தில் ஏறக்குறைய அதே அனுபவமுள்ள நால்வர் 8.20 லட்சத்தை ஒட்டி வாங்குகிறார்கள். புதியவருக்கு 9.60 கொடுத்தால் அவர்களுக்கும் நியாயமாக 1.40 லட்சம் வீதம் கூட்ட வேண்டும், அதாவது வருடந்தோறும் 5.60 லட்சம். கூட்டாமல் மறைத்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆய்வகத்தில் சம்பளம் இரகசியமாக இருந்து நான் பார்த்ததில்லை.

படி 2: இரண்டு ஆஃபர்களையும் மாதம் கைக்கு வரும் தொகையாக மாற்றவும்

சி.டி.சி. எண்ணை சி.டி.சி. எண்ணோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். நிறுவனம் கட்டும் பி.எஃப்., பணிக்கொடை, காப்பீடு எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். பணிக்கொடை தொடர்ந்து ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும், ஆனால் முதல் வருடமே அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமாகக் கணக்கில் ஏறிவிடும். (வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலைநாள் என்ற கணக்கில் வருவது அது.)

இணையத்தில் கிடைக்கும் சம்பளக் கணிப்பான்களை நான் நம்புவதில்லை. எதை எங்கே கழித்தது என்று அவை சொல்வதில்லை. ஒரு சாதாரண விரிதாள் போதும். B2-இல் மொத்த சி.டி.சி., B3 முதல் B7 வரை செயல்திறன் ஊதியம், ஜாயினிங் போனஸ், நிறுவனத்தின் பி.எஃப்., பணிக்கொடை, காப்பீடு.

```
=(B2-SUM(B3:B7))/12-1800
```

கடைசியில் கழிவது ஊழியரின் பி.எஃப். பங்கு. வரிகளை இதில் கழிக்கவில்லை. 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம் பிடிப்பதால் 1,800. முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கும் நிறுவனமாக இருந்தால் இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத் ஆஃபரில் செயல்திறன் ஊதியம் 96,000, ஜாயினிங் போனஸ் 60,000, பி.எஃப். 21,600, பணிக்கொடை சுமார் 23,000, காப்பீடு 9,400. இவை 2.10 லட்சம். மீதி 7.50 லட்சம். மாதம் கைக்கு வருவது 60,700. எங்கள் 8.40 லட்சத்தில் செயல்திறன் ஊதியம் இல்லை, போனஸ் இல்லை. பி.எஃப்., பணிக்கொடை, காப்பீடு சேர்த்து 52,000 போக, மாதம் சுமார் 63,900.

இந்தக் கணக்கை அவரிடம் காட்டும்போது பாதியை மறைக்கக் கூடாது. செயல்திறன் ஊதியம் முழுதாகக் கிடைத்தால் ஹைதராபாத்தில் மாதத்துக்கு 8,000 கூடும், அப்போது அவர்கள்தான் முந்துவார்கள். போனஸ் முதல் வருடத்துக்கு மட்டும். இரண்டையும் நானே சொன்னேன். "அந்த 96,000-இல் சென்ற வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று அங்கே கேளுங்கள்" என்றும் சொன்னேன். கேட்டுப் பார்த்து, எங்களை விட அது நல்லது என்று தோன்றினால் அவர் போவதே சரி.

இன்னொன்று. "உங்களுக்கு வில்லியனூரில் வீடு இருக்கிறதே, வாடகை மிச்சம்தானே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர் அப்பா கட்டிய வீட்டில் நமக்குப் பங்கு கிடையாது. வாடகைக் கணக்கை அவரே போட்டுக்கொள்வார்.

படி 3: சம்பளத்தைத் தள்ளி வைத்து ஒரு கேள்வி கேட்கவும்

பல காலம் நான் தவறிய இடம் இது. "என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் எண்தான் சொல்வார்கள், ஏனென்றால் நாம் கேட்பது எண்ணைத்தான். இப்போது நான் கேட்பது வேறு: "இரண்டு இடத்திலும் சம்பளம் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போவீர்கள்?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஹைதராபாத்துக்குத்தான் மேடம். அங்கே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வுக் குழு வரும். அந்த அனுபவம் இருந்தால் பிறகு எங்கேயும் போகலாம்" என்றார்.

எங்களிடம் அமெரிக்க அங்கீகாரம் இல்லை. வரப்போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சேர்ந்திருப்பார், ஆறு மாதத்தில் போயும் இருப்பார். "அது எங்களிடம் இல்லை, அடுத்த இரண்டு வருடத்தில் திட்டமும் இல்லை" என்றேன். பிறகு, "அங்கே உங்களுக்கு எந்தப் பிரிவு என்று சொன்னார்களா?" என்று கேட்டேன். நிலைத்தன்மைச் சோதனைப் பிரிவு என்றார். மாதாமாதம் பெட்டகத்திலிருந்து மாதிரிகளை எடுத்து, ஒரே சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்வது அதன் பெரும்பகுதி.

பதில் வாதம் எதுவும் செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். எங்கள் மூத்த ஆய்வாளரோடு ஒரு மணி நேரம் தனியாக விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். மனிதவளப் பிரிவு ஆள் பக்கத்தில் நின்றால் யாரும் உண்மையைக் கேட்க மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். அந்த ஆய்வாளர் தன் சோதனை முறைச் சரிபார்ப்புக் கோப்பைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். திட்ட வரைவிலிருந்து இறுதி அறிக்கை வரை ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரே கையெழுத்து, அவருடையது. இரவு ஷிப்டில் கருவி பழுதானால் காலை வரை ஆள் வராது என்ற குறையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். இரண்டுமே உண்மை.

படி 4: நிரந்தரச் செலவுக்குப் பதில் ஒருமுறைச் செலவு

ஒன்பது லட்சம் முடியுமா என்று கேட்டார். முடியாது என்று காரணத்தோடு சொன்னேன். உள்ளே இருப்பவர்களின் சம்பளத்தோடு பொருந்த வேண்டும் என்பதை மறைக்க என்ன இருக்கிறது? எங்களால் முடிந்த நல்ல எண்ணை முதலிலேயே சொல்லிவிட்டால் பேரம் நீளாது.

அவருக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. நோட்டீஸ் காலம் 60 நாள், எங்களுக்கோ 30 நாளில் ஆள் வேண்டும். அவருடைய நியமனக் கடிதப்படி, குறையும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வெளியேறலாம். 30 நாளுக்கு 28,750 ரூபாய். அதை நாங்கள் ஏற்றோம். ஒன்பது லட்சமாக்கியிருந்தால் வருடாவருடம் 60,000, நால்வருக்கும் சமன் செய்யும் செலவு தனி. இது ஒரே முறை, யாருடைய சம்பளத்தையும் அசைக்காது. முதலில் உங்கள் ஆள் அந்தக் கடிதத்தைப் படித்துப் பார்க்கட்டும். சில நிறுவனங்கள் பணம் வாங்கிக்கொண்டு முன்கூட்டி விடுவதற்குச் சம்மதிப்பதே இல்லை.

ஜாயினிங் போனஸ் கொடுப்பதாக இருந்தால், ஒரு வருடத்துக்குள் விலகுபவரிடம் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்காதீர்கள். வேலை செய்த மாதங்களைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கேட்பது நியாயம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது.

படி 5: கெடுவுக்கு உண்மையான காரணம் இருக்கட்டும்

ஏழு நாள் கொடுத்தேன். "அடுத்த இடத்தில் ஒருவர் இருக்கிறார். வியாழக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்" என்று காரணமும் சொன்னேன். உண்மையிலேயே ஒருவர் இருந்தார். இல்லாத ஆளைச் சொல்லிப் பயமுறுத்துவது பொய். அந்த ஏழு நாளில் ஒரே ஒரு முறை, ஷிப்ட் முடிந்திருக்கும் என்று இரவு ஏழரைக்கு அழைத்தேன். வாட்ஸ்அப்பில் தினமும் "முடிவு என்ன?" என்று அனுப்புவது நச்சரிப்பு. அப்பாவுக்குப் போன் செய்து பேசுவது, கல்யாணத் திட்டம் கேட்பது இரண்டும் அதைவிட மோசம். புதன்கிழமை சம்மதம் சொன்னார். அன்றே கடிதம் போனது. எழுத்தில் வரும்வரை ராஜினாமா செய்ய வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன்.

படி 6: சம்மதத்துக்கும் சேர்வதற்கும் இடையில்

ராஜினாமா கொடுக்கும் அன்று பழைய நிறுவனம் சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும். அதை முன்பே பேசிவிடுங்கள்: "உங்கள் மேலாளர் 8.50 தருகிறேன் என்றால் என்ன செய்வீர்கள்?" பதில் தடுமாறினால் படி 3-க்குத் திரும்ப வேண்டும். ராஜினாமா ஏற்கப்பட்ட தேதியைக் கேளுங்கள், அது போதும். அந்தத் தேதி சொல்லப்படாமல் ஒரு வாரம் போனாலோ, சேரும் நாளை இரண்டாம் முறை தள்ளிக் கேட்டாலோ, இரண்டாவது ஆளிடம் பேசத் தொடங்கலாம்.

பிறகு சேர்த்தது: கடலூர் சிப்காட்டிலிருந்து ஒரு வாசகர், "எதிர் ஆஃபரின் எண்ணை அவர் சொல்லவே மாட்டேன் என்கிறார், கடிதத்தைக் காட்டச் சொல்லலாமா?" என்று கேட்டிருந்தார். வேண்டாம். அது இன்னொரு நிறுவனத்தின் கடிதம். இந்த விரிதாளை வெறுமையாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு ஆஃபர்களின் எண்களையும் அவரே நிரப்பிப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பார்க்கத் தேவையில்லை.

மற்றொரு சேர்க்கை: நம் கடிதத்தைக் காட்டி அங்கே சம்பளத்தை ஏற்றிக்கொண்டால்? எனக்கும் ஒருமுறை நடந்தது. அதனால்தான் வாய்மொழிச் சம்மதம் வரும்வரை சம்பளப் பிரிப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புகிறேன், கடிதம் அதற்குப் பிறகு. அப்படியும் ஏற்றிக்கொண்டு வந்து திரும்பக் கேட்டால், படி 1-இல் எழுதி வைத்த எண்ணையே மீண்டும் சொல்கிறேன்.