அதிகாரி யாரென்று தெரியாதபோது கடிதத்தை எப்படித் தொடங்குவது? விளிப்பில் நேரும் தவறுகள்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கையில் ஒரு தாளோடு வந்தார். மகனின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் ஓர் எழுத்து மாறி அச்சாகியிருந்தது. அதைத் திருத்தித் தரக் கேட்டு நகராட்சி ஆணையருக்கு மனு எழுதியிருந்தார். "கொஞ்சம் படிச்சுப் பாருங்க, ஏதும் தப்பு இருந்தா சொல்லுங்க" என்றார்.

விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. பதிவு எண், தேதி, பிழையான பெயர், சரியான பெயர், இணைத்திருக்கும் நகல்கள் என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் கடிதம் இப்படித் தொடங்கியது:

"மிகவும் மரியாதைக்கும் பெருமதிப்பிற்கும் உரிய உயர்திரு ஆணையர் ஐயா அவர்களுக்கு அன்பு வணக்கம்."

மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் அந்த ஒரு வரியில் தெரிகிறது. அந்தப் பதற்றத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அந்த வரியையே பிரித்துப் பார்க்கலாம்.

மரியாதைக்கு இரண்டு இடங்கள் உண்டு

அலுவலகக் கடிதத்தில் அதிகாரியை நாம் இரண்டு இடங்களில் குறிப்பிடுகிறோம். ஒன்று, மேலே "பெறுநர்" என்ற பகுதி. கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதை அது சொல்கிறது. பதவி, அலுவலகம், முகவரி மூன்றும் அங்கே வரும். "அவர்கள்" என்ற மரியாதைச் சொல்லும் அங்கேயே சேர்ந்துவிடும். இரண்டாவது இடம் அதற்குக் கீழே வரும் விளிப்பு. அங்கே அவரை நேராகக் கூப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

அக்காவின் வரியில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. "ஆணையர்" என்பது மேலேயே வந்துவிட்டது, கீழே மறுபடி தேவையில்லை. அதைவிட முக்கியமானது, "ஐயா" என்பது விளி, அதாவது எதிரில் இருப்பவரைக் கூப்பிடும் சொல். "அவர்களுக்கு" என்பது வேற்றுமை உருபு ஏற்ற சொல், ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது வருவது. "ஐயா" என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த சொல்லிலேயே "அவர்களுக்கு" என்றால், எதிரில் இருப்பவர் திடீரென்று தள்ளிப் போய் நிற்பது போல ஆகிவிடுகிறது. பேச்சில் "ஐயா அவர்களுக்கு" பழகிப்போன தொடர்தான், மேடையிலும் ஒலிக்கும். கடிதத்தின் விளிப்பு வரியில் மட்டும் அது பொருந்தாது. "ஐயா," என்று எழுதி ஒரு காற்புள்ளி வைத்தால் அந்த வேலை முடிந்தது.

இதற்கு நேர் எதிரான தவறு "மதிப்பிற்குரிய ஆணையரே," என்று தொடங்குவது. இலக்கணப்படி அது சரியான விளிதான். ஆனால் "ஆணையரே", "தலைவரே", "செயலாளரே" எல்லாம் மேடைப் பேச்சின் தொனி. மனுவில் படிக்கும்போது அதட்டுவது போலவும் கேட்கும்.

"ஐயா" என்று ஊகித்துவிடுவது

நான் அக்காவிடம் முதலில் கேட்டது, "ஆணையர் ஆணா பெண்ணா?" என்றுதான். அவருக்குத் தெரியவில்லை. "அதிகாரின்னா ஐயாதானே" என்று வந்துவிட்டது. பிறகு விசாரித்ததில், அப்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண்.

எல்லாவற்றிலும் அதிகம் உறுத்துவது இந்தத் தவறுதான் என்று நினைக்கிறேன். ஒரு சொல் கூடுதலாகப் போனால் படிப்பவர் கடந்துவிடுவார். ஒரு பெண் அதிகாரி தன் மேசைக்கு வரும் தாள்களில் நாள் முழுக்க "ஐயா" என்றே படிக்க நேர்ந்தால், இந்த நாற்காலியில் ஓர் ஆணைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு தாளும் அவரிடம் சொல்கிறது.

நல்ல வேளையாக, தமிழில் பதவிப் பெயர்கள் இந்தச் சிக்கலைத் தருவதில்லை. ஆணையர், இயக்குநர், செயலாளர், பொறியாளர், அலுவலர் என்று எல்லாமே மரியாதைப் பன்மையான "அர்" விகுதியில் முடிபவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவே. எனவே பெறுநர் பகுதியில் பதவியை மட்டும் எழுதி "அவர்கள்" சேர்த்தால் எந்த ஊகமும் தேவையில்லை. சிக்கல் "திரு", "திருமதி", "செல்வி" என்று முன்னால் ஒட்டும்போதுதான் வருகிறது. "திரு" ஆணைக் குறிக்கிறது. "திருமதி", "செல்வி" இரண்டும் திருமணம் ஆனவரா இல்லையா என்று நமக்குத் தெரியாத, தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகின்றன. "உயர்திரு" என்பதை இருபாலருக்கும் எழுதுவோர் உண்டு. ஆனாலும் அதற்குள் ஒரு "திரு" இருப்பதால் ஆணுக்கு எழுதியது போலவே காதில் விழுகிறது. யாரென்று தெரியாதபோது அதை விட்டுவிடலாம், "அவர்கள்" இருக்கும்போது மரியாதை ஒன்றும் குறையாது.

கீழே விளிப்பில்தான் பால் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை என்றால் "ஐயா / அம்மையீர்," என்று சாய்கோடு போட்டு எழுதுவதே வழக்கம். இதிலும் சிலர் சறுக்குகிறார்கள். "ஐயா மற்றும் அம்மையீர்" என்றால் இரண்டு பேரைக் கூப்பிட்டதாகிவிடும். சாய்கோடு இல்லாமல் "ஐயா அம்மையீர்" என்றாலும் அப்படித்தான். "அம்மையிர்" என்று குறிலாக எழுதுவது பிழை. அதில் இருப்பது "வந்தீர்", "சொன்னீர்" என்பவற்றில் வரும் அதே "ஈர்", முன்னிலையில் இருப்பவரை மரியாதையாகச் சுட்டுவது. அதனால் நெடில்தான் வரும்.

சரி, அதிகாரி பெண்தான் என்று தெரிந்துவிட்டது. அப்போது சாய்கோட்டை எடுத்துவிட்டு "அம்மையீர்," என்று மட்டும் எழுத வேண்டும். அச்சடித்த படிவமாக இருந்தால் பொருந்தாத சொல்லை ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். தெரிந்த பிறகும் இரண்டையும் விட்டுவைத்தால், எங்கிருந்தோ எடுத்த மாதிரியை அப்படியே நிரப்பியது போலத் தோன்றும்.

எப்படித் தெரிந்துகொள்வது? அந்த அலுவலகத்திலிருந்து முன்பு ஏதாவது பதில் வந்திருந்தால் அதன் கையொப்பத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, "இப்போது பொறுப்பில் இருப்பது ஐயாவா, அம்மாவா?" என்று கேட்பதில் தவறே இல்லை. பெயர்ப் பலகையை மட்டும் நம்பிவிடக் கூடாது. மணி, ஜோதி, மதி போன்ற பெயர்கள் இருபாலருக்கும் உண்டு. பழைய பதில் கடிதத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது: கையெழுத்துப் போட்டவர் இதற்குள் மாறுதலாகிப் போயிருக்கலாம். பெயர் தெரிந்திருந்தாலும் பதவிக்கே எழுதுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். பெயரிட்டு எழுதிய மனு, அவர் மாறிப் போன பிறகு வந்தால், அவருடைய சொந்தக் கடிதமோ என்ற குழப்பம் வரும். பதவிக்கு எழுதியது அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் அவரிடம் போய்ச் சேரும்.

அடைமொழிகளை அடுக்குவது

"மதிப்பிற்குரிய" என்ற ஒன்று போதும். அதுகூடக் கட்டாயமில்லை, வெறும் "ஐயா / அம்மையீர்," என்பதே முழு மரியாதையுள்ள விளிப்பு. எழுதுவதானால் எழுத்தைக் கவனியுங்கள். "மதிப்பிற்க்குரிய" என்று பல மனுக்களில் பார்க்கிறேன். "ற்" என்ற வல்லின மெய்க்குப் பின்னால் இன்னொரு "க்" வராது. "மரியாதைக்குரிய" என்பதிலும் பிழையில்லை, ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் மரியாதை இரட்டிப்பாவதில்லை.

"மாண்புமிகு" என்பதை எல்லா அதிகாரிகளுக்கும் எழுதுகிறவர்கள் உண்டு. அமைச்சர்கள், நீதியரசர்கள் போன்றோருக்கு வழங்கும் அடைமொழி அது. ஒரு துறை அலுவலருக்கு அதை எழுதினால், யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதியதாகவே படும். பழைய மனுக்களில் "ஆணையர் அவர்கள் சமூகத்திற்கு" என்று வரும். சமூகம் என்றால் இங்கே முன்னிலை, சன்னிதானம் என்று பொருள். அழகான பழைய வழக்குதான். இன்றைக்குப் படிப்பவருக்கு அது சாதி, சமுதாயம் என்ற பொருளில்தான் முதலில் படும், அதனால் விட்டுவிடுவது நல்லது.

அக்காவின் "அன்பு வணக்கம்" நல்ல மனதோடு எழுதியது. ஆனால் அன்பு என்பது அறிமுகமானவர்களுக்கு இடையே வருவது. "அன்புள்ள ஐயா" என்பதற்கும் இதுவே பொருந்தும். முன்பின் தெரியாத அதிகாரியிடம் "வணக்கம்." என்று மட்டும் சொன்னால் போதும், அதுவும் விளிப்பு வரியில் வேண்டாம். கடிதத்தின் முதல் வாக்கியமாக வரட்டும்.

மின்னஞ்சலில் அனுப்பும்போது "சார்", "மேடம்", "ஹலோ" எல்லாம் எளிதாக வந்து விழும். அலுவலகச் சாளரத்தில் நின்று பேசும்போது "சார்" இயல்புதான். ஆனால் அந்த மின்னஞ்சலையும் அச்செடுத்துக் கோப்பில் வைப்பார்கள். அதனால் தாளில் எழுதுவது போலவே எழுதுங்கள்.

திருத்திய பிறகு

அக்காவின் மனு கடைசியில் இப்படித் தொடங்கியது:

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

அம்மையீர்,

பொருள்: பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். என் மகனின் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் பிழையாகப் பதிவாகியுள்ளது…

அப்புறம் உள்ளேயும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. முதல் பத்தியில் "தாங்கள்" என்று எழுதியிருந்தவர், மூன்றாம் பத்தியில் "நீங்கள்" என்றும், முடிவில் "ஐயா தயவுசெய்து" என்றும் மாறியிருந்தார். பழைய மனுவைப் பார்த்து எழுதும்போது இது நடக்கும். மேலே விளிப்பை மட்டும் மாற்றுவோம், கீழே ஓர் "ஐயா" ஒளிந்திருக்கும். எழுதி முடித்த பின் அந்த ஒரு சொல்லை மட்டும் தேடி ஒரு தடவை கண்ணை ஓட்டினால் சிக்கிவிடும். "தாங்கள்" என்று தொடங்கினால் "தங்கள்", "தங்களை" என்றே கடைசிவரை போக வேண்டும்.

மேலதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்ப நினைத்த அக்கா, "அவருக்கும் தனியா ஒரு ஐயா போடணுமா?" என்று கேட்டார். வேண்டியதில்லை. விளிப்பு முதன்மைப் பெறுநருக்கு மட்டும்தான். நகல் பெறுபவரின் பதவியையும் முகவரியையும் கடிதத்தின் அடியில் "நகல்:" என்று குறிப்பிட்டால் போதும். கையெழுத்துக்கு மேலே "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று அவர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள" என்று எழுதினோம். அவர் அந்த அலுவலகத்தின் ஊழியர் இல்லையே.